வெட் டிஷ்யூவா, பேப்பரா, தண்ணியா? நம் ஊரில் என்னிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து கிளினிக்கில் 26 வருஷம் ஹெச்.ஏ.வாக, அதாவது ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மச்சான் பட்டணத்தில் குழாய் வேலை செய்கிறார். கொஞ்ச நாளாக ஒரு வேடிக்கை நடக்கிறது. கக்கூஸ் அடைத்துக்கொண்டது என்று அவரைக் கூப்பிடுகிற அதே வீட்டுக்காரர், மறுவாரம் சாயங்கால நடையில் என்னை ஓரமாக இழுத்துப்போய், கூச்சத்தோடு, பின்பக்கம் அரிக்கிறது என்கிறார். இப்படி மூன்று நான்கு வீடு ஆனபிறகுதான் இரண்டும் ஒரே வெட் டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து வருகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

மூணுல எதுதாண்ணே நல்லது? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

தண்ணீர். கழுவிய பிறகு ஈரத்தை ஒற்றி எடுக்க இரண்டு மூன்று துண்டு டாய்லெட் பேப்பர், இல்லையென்றால் அதற்கென்றே தனியாக வைத்துத் தினமும் துவைக்கிற ஒரு சின்னத் துணி. வெட் டிஷ்யூ தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு மட்டும். அங்கேயும் துடைத்தபின் அது போக வேண்டிய இடம் குப்பைத் தொட்டி.

வெறும் பேப்பர் மட்டும் போதாதா என்றால், பலருக்குப் போதும், உலகத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் ஆசனவாய்ப் பக்கத்துத் தோல் மடிப்பு மடிப்பாக இருப்பது. காய்ந்த பேப்பர் மேட்டைத் துடைக்கும், மடிப்புக்குள் போகாது. உள்ளே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்ற உணர்வில் இன்னும் அழுத்தித் தேய்ப்போம், தோல் உரசி எரியும். மூலம் இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம்.

பாக்கெட்டுல ஃபிளஷ் பண்ணலாம்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி அடைக்கும்?

நம்பாவிட்டால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் இரண்டு எடுங்கள், பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் டாய்லெட் பேப்பர் இரண்டு துண்டு, இன்னொன்றில் வெட் டிஷ்யூ ஒன்று. மூடி, அரை நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். பேப்பர் போட்ட போத்தலில் தண்ணீர் கலங்கி, கஞ்சித் தண்ணீரில் நொய் மிதப்பது போல ஆகிவிடும். வெட் டிஷ்யூ கொஞ்சம் சுருண்டிருக்கும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் வெளியே எடுத்தாலும், பிழிந்து மேசை துடைக்கலாம். நான் எங்கள் வீட்டில் வேண்டுமென்றே ஒன்றை ஒரு மாதம் போத்தலிலேயே விட்டுவைத்தேன். மனைவி திட்டித் தூக்கிப் போட்டபோதும் அது முழுசாகத்தான் இருந்தது.

காரணம் செய்முறையில் இருக்கிறது. டாய்லெட் பேப்பர் குட்டைக் குட்டையான மரநார், காய்ந்திருக்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் பிடி விட்டுப் பிரிந்துவிடும். வெட் டிஷ்யூ காகிதமே இல்லை, ஒருவகைத் துணி. பாலியெஸ்டர், விஸ்கோஸ் மாதிரி நீளமான இழைகளைப் பரப்பி, அதன்மேல் ஊசி போலத் தண்ணீரைப் பீய்ச்சி, இழைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கவைத்து நெய்யாத துணியாக ஆக்குகிறார்கள். இதில் பாலியெஸ்டர் பிளாஸ்டிக். யோசித்துப் பாருங்கள், அந்தப் பாக்கெட் கடையிலும் வீட்டிலுமாக ஒரு வருஷம் ஈரத்தோடேயே கிடக்கிறது. ஈரத்தில் பிரிகிற பொருளாக இருந்தால் நீங்கள் திறக்கும்போது உள்ளே கூழ்தான் இருக்கும்.

அதாவது அதைச் செய்கிறவருக்கு இரண்டு கட்டாயம். நனைந்தே இருந்தும் கிழியக்கூடாது, நனைந்தே இருந்தும் கெட்டுப்போகக்கூடாது. முதல் கட்டாயம் உங்கள் குழாயில் வந்து முடிகிறது. இரண்டாவது உங்கள் தோலில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபிளஷ் பண்ணலாம் என்று போட்டு மரநார் மட்டுமே சேர்த்துச் செய்கிற சிலது கொஞ்சம் சீக்கிரம் பிரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் பேப்பர் மாதிரி அரை நிமிஷத்தில் இல்லை. பாக்கெட்டின் அந்த வாசகத்தை, கக்கூஸ் வளைவைத் தாண்டிப் போய்விடும் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாண்டிப் போன பிறகுதான் கதையே ஆரம்பம்.

எங்க வீட்டுல மூணு மாசமா அப்படித்தான் போட்டுக்கிட்டு இருக்கோம், ஒண்ணும் ஆகலையே?

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன், ஆளைச் சொல்லமாட்டேன். பழைய தோட்டத்து நிலத்தில் எண்பதுகளில் கட்டிய தாமான், வரிசை வீடு. லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர், 68 வயது, இனிப்புநீர் இருக்கிறது, முட்டிவலி வேறு. குனிந்து கழுவ முடியவில்லை என்று மகன் பெட்டி பெட்டியாக வெட் டிஷ்யூ வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். ஒரு தடவைக்கு மூன்று, ஒரு நாளைக்கு நான்கு தடவை. பன்னிரண்டு. மூன்று மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டும். எல்லாமே கக்கூஸுக்குள்தான் போனது.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஃபிளஷ் செய்தால் தண்ணீர் கொஞ்சம் ஏறி, நின்று, மெதுவாக இறங்கியது. கூடவே கக்கூஸுக்குள்ளிருந்து கொடக் கொடக் என்று ஒரு சத்தம். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், வீட்டில் ஆள் கூடியபோது, பொங்கிவிட்டது. நாற்றத்தைப் பற்றி நான் எழுதவேண்டாம்.

மச்சான் போய்ப் பின்பக்கம் மேன்ஹோல் மூடியைத் திறந்தார். காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் அடைப்பு கக்கூஸுக்கும் மேன்ஹோலுக்கும் நடுவில், ஏறக்குறைய இருபது அடிக்குள். கம்பி விட்டதில் எட்டாவது அடியில் மெத்தென்று இடித்தது. பழைய சுட்ட களிமண் குழாயும், பின்னால் கழிவறையைப் புதுப்பித்தபோது போட்ட நாலு இன்ச் பிவிசி குழாயும் சேருகிற இடம். சேர்த்தவர் உள்ளே ஒரு விளிம்பை விட்டுவிட்டிருக்கிறார், அந்த இடுக்கு வழியாகப் பக்கத்து ரம்புத்தான் மரத்தின் மயிர் வேரும் உள்ளே வந்திருக்கிறது. முதல் டிஷ்யூ அந்த வேரில் மாட்டியிருக்கும். இரண்டாவது முதலாவதில். கம்பியின் நுனியில் சுருள் கொக்கியைப் போட்டு, திருகித் திருகி இழுத்தபோது பெண்பிள்ளையின் ஈரச் சடை மாதிரி ஒன்று வந்தது, ஆளுயரத்துக்கு, சாம்பல் நிறத்தில். ஒன்றரை வாளி. அத்தனையும் முழு முழு டிஷ்யூ, விரித்தால் ஓரத்தில் இருக்கிற பூ டிசைன் கூடத் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். லண்டனில் 2017-ல் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை என்று ஒரு கொழுப்புக் கட்டி கிடைத்த செய்தியைப் பலர் எனக்கு அனுப்புகிறார்கள். அது சமையல் எண்ணெயும் வெட் டிஷ்யூவும் சேர்ந்து கெட்டியானது. நம்முடைய பழைய தாமான்களில் கதை வேறு. சமையலறைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் நேராக லோங்காங்குக்குப் போகும், கக்கூஸ் குழாய் மட்டும் தனியாகச் செப்டிக் தொட்டிக்குப் போகும். அதனால் எண்ணெய்க் கட்டி பயம் குறைவு. ஆனால் அந்தக் குழாயில் ஓடுகிற தண்ணீரும் குறைவு. ஃபிளஷ் செய்கிற ஆறு அல்லது ஒன்பது லிட்டர்தான், அதையும் விட்டால் பின்னால் தள்ள எதுவுமே இல்லை. குந்தி உட்காருகிற பழைய கக்கூஸில் செம்பால் ஊற்றினால் இரண்டு மூன்று லிட்டர். பேப்பரும் மலமும் அதில் கரைந்து நகர்ந்துவிடும். துணி நகராது, முதல் மேடு பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியே தப்பித்துத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. தொட்டியில் கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே ஆடை கட்டும், நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். வெட் டிஷ்யூ மேல் ஆடையில் சிக்கி, தண்ணீர் வெளியேறுகிற டீ வடிவக் குழாயைச் சுற்றிக்கொள்ளும். கிருமிகளால் பாலியெஸ்டரைத் தின்ன முடியாது. தொட்டியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்கச் சொல்வது வழக்கம். டிஷ்யூ போகிற வீட்டில் அவ்வளவு நாள் தாங்காது, உறிஞ்ச வருகிற லோரிக்காரரின் ஹோஸிலும் அது மாட்டும், அவர் முகம் சுளிப்பார்.

ஆக, மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்கள் குழாய் வழுவழுப்பாக இருக்கிறது, அல்லது நான்காவது மாதம் இன்னும் வரவில்லை.

அடைப்பு எங்க இருக்குன்னு நாமளே கண்டுபிடிக்கலாமா, ஆள் கூப்பிடுறதுக்கு முன்னாடி?

கண்டுபிடிக்கலாம். முதல் மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் அதற்கு அப்புறம், தொட்டிப் பக்கம். ஒரு கக்கூஸ் மட்டும் நின்று, இன்னொரு கக்கூஸ் நன்றாகப் போனால், கிளைக் குழாயில்தான். இவ்வளவையும் போனிலேயே சொல்லிவிட்டால் வருகிறவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.

கம்பி இரவல் வாங்கி நீங்களே விடுவதாக இருந்தால் இரண்டு விஷயம். துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கிற கம்பியை எப்போதும் கடிகாரச் சுற்றிலேயே திருகுங்கள், எதிர்ப்பக்கம் திருகினால் பூமிக்கடியில் கழன்றுகொள்ளும், பிறகு கம்பியும் அடைப்பும் சேர்ந்து உள்ளே கிடக்கும். அடுத்தது, துணி அடைப்புக்கு ரப்பர் தட்டு போட்டுத் தள்ளாதீர்கள். தள்ளினால் தண்ணீர் இறங்கும், ஜெயித்துவிட்டோம் என்று இருக்கும். துணி பத்தடி தள்ளிப் போய் மறுபடி நிற்கும். கொக்கி போட்டு வெளியே இழுக்க வேண்டும்.

செப்டிக் தொட்டி மூடியை மட்டும் நீங்களாகத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கிற வாயு ஆளை மயக்கி விழவைக்கும், காப்பாற்ற இறங்கினவரையும் சேர்த்து. பக்கத்தில் சிகரெட்டும் கூடாது.

ஹார்ட்வேர் கடையில அடைப்பு எடுக்கிற மருந்து விக்கிறானே, ஊத்தினா போகாதா?

போகாது. அந்தக் காரம் கொழுப்பையும் முடியையும் கரைக்கும், வெட் டிஷ்யூவைக் கரைக்காது. அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கும், சூடேறும், பிவிசி குழாய் நெளியலாம், பிறகு கம்பி விட வருகிறவர் முகத்தில் தெறிக்கும். மச்சான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, ஏதாவது ஊற்றினீர்களா என்பதுதான். ஊற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றிவிட்டு அதன்மேல் குளோரின் ஊற்றுவது இன்னும் ஆபத்து, அதிலிருந்து வருகிற புகை நுரையீரலைக் கெடுக்கும்.

அப்போ சாப்பாட்டு மேசையில வைக்கிற பெட்டி டிஷ்யூ, பாக்கெட் டிஷ்யூ? அதுவும் பேப்பர்தானே?

பேப்பர்தான், ஆனால் வேறு பேப்பர். மூக்கு சிந்தும்போது கையில் பிய்ந்துவிடக்கூடாது என்று, நனைந்தாலும் பலம் நிற்கிற மாதிரி ஒரு பிசினைச் சேர்த்துச் செய்கிறார்கள். அதே போத்தல் சோதனையில் போட்டுப் பாருங்கள், நடுத்தரமாக நிற்கும். ஒன்றிரண்டு போனால் குடி முழுகாது. கக்கூஸில் ரோலுக்குப் பதிலாகப் பெட்டி டிஷ்யூ வைத்திருக்கிற வீடு நம் ஊரில் நிறைய, மலிவாகக் கிடைக்கிறது என்று. அது வேண்டாம். சமையலறை டவல் பேப்பர் அதைவிட மோசம். பஞ்சு, பெண்களின் பேட், பாம்பர்ஸ் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வெட் டிஷ்யூ பழகினதுல இருந்து அரிக்குது ஐயா. அரிக்குதுன்னு இன்னும் நல்லா துடைக்கிறேன், இன்னும் அரிக்குது.

அதே பெரியவர் என்னிடமும் வந்தார், இதே வார்த்தை. சுத்தம் போதவில்லை, அதனால்தான் அரிக்கிறது என்று நினைத்து மூன்றை நான்காக்கியிருக்கிறார். இந்த இடத்தில் அரிப்புக்கு அழுக்கு மட்டும் காரணமில்லை, அதிகச் சுத்தமும் காரணம்.

இரண்டாவது கட்டாயம் ஞாபகம் இருக்கிறதா, நனைந்தே இருந்தும் கெடக்கூடாது என்று. ஈரத் துணியை மூடிவைத்தால் மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். பிடிக்காமல் இருக்க உள்ளே பாதுகாப்பு மருந்து போட்டாக வேண்டும். கூடவே வாசனை, கொஞ்சம் சோப்புத்தன்மை. நீங்கள் துடைத்துவிட்டுக் கழுவாமல் எழுந்துவிடுவதால் அது அத்தனையும் மடிப்புத் தோலிலேயே, வியர்வையோடு, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. ஷாம்பூவில் அதே மருந்து இருந்தாலும் தண்ணீர் ஊற்றி அலசிவிடுகிறோம், அதனால் பாதிப்பு குறைவு.

இவற்றில் பேர் கெட்டது மெத்தில்ஐசோதயாசோலினோன். இதனால் தோல் ஒவ்வாமை வந்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-ல் இதை அந்த வருஷத்தின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம், தடவிவிட்டு அலசாமல் விடுகிற அழகுப் பொருட்களில் இதைச் சேர்ப்பதை 2017 முதல் தடை செய்தது, வெட் டிஷ்யூவும் அதில் அடங்கும்.

இந்த ஒவ்வாமை ஏமாற்றுகிற வகை. பல மாதம் ஒன்றும் செய்யாது, அப்புறம் ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தொட்டால், உடனே வராமல், ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத் தடிக்கும். அதனால் யாருக்கும் டிஷ்யூ மேல் சந்தேகம் வராது, முந்தின நாள் சாப்பிட்ட சம்பாலைச் சொல்வார்கள். பெரியவரும் சம்பாலை நிறுத்தியிருந்தார், பாவம். அதோடு யாரோ கொடுத்த ஒரு டியூப் மருந்தையும் தடவியிருந்தார். பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. தடவினால் இரண்டு நாள் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிடப் பரவும், மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

நான் செய்யச் சொன்னது இவ்வளவுதான். வெட் டிஷ்யூ அன்றைக்கே நிறுத்தம், டியூப்பும் நிறுத்தம். கக்கூஸ் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும், உட்கார்ந்தபடி கைக்கு எட்டுகிற உயரத்தில் ஹோஸும் மச்சான் போட்டுக் கொடுத்தார். வெறும் தண்ணீர், சோப்பு இல்லை. ஒற்றி எடுப்பது, தேய்ப்பது இல்லை. நன்றாகக் காய்ந்த பிறகு ராத்திரி ஒருமுறை துத்தநாகக் களிம்பு மெல்லிசாக. இனிப்புநீர் இருப்பதால் பூஞ்சையும் இருக்கலாம் என்று கிளினிக்குக்கு அனுப்பினேன், தொடை இடுக்கில் இருந்தது, அதற்குத் தனி மருந்து கொடுத்தார்கள். முதல் வாரம் பெரிய மாற்றமில்லை, அவர் என்மேல் கோபித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ராத்திரி தூங்குகிறேன் என்றார்.

சென்சிட்டிவ், ஆல்கஹால் இல்லை, அப்படின்னு போட்டதை வாங்கினா சரியா?

முன்பக்கத்து எழுத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். தயாசோலினோன் என்று முடிகிற பெயர் இருந்தால் வைத்துவிடுங்கள். வாசனை என்று இருந்தாலும் வைத்துவிடுங்கள். பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இயற்கை மூலிகை சேர்த்தது என்பதில் மயங்க வேண்டாம், மூலிகை எண்ணெய்க்கும் ஒவ்வாமை வரும்.

உண்மையிலேயே எதற்கு ஒவ்வாமை என்று தெரிய வேண்டுமென்றால் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறது. கிளினிக்கில் எழுதிக் கொடுத்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போகத் தேவையில்லை, பாக்கெட்டை மூன்று வாரம் நிறுத்தினாலே பதில் கிடைத்துவிடும்.

நான் ஆயுசுக்கும் தண்ணியிலதான் கழுவுறேன், எனக்கும் அரிக்குதே?

தண்ணீரிலும் தப்பாகக் கழுவலாம். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஈரத்தோடு உள்ளாடை போட்டால் மதியத்துக்குள் அந்தத் தோல் ஊறி வெளுத்துவிடும், ஊறின தோல் சீக்கிரம் கிழியும், பூஞ்சைக்கும் கொண்டாட்டம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நான் கண்ட அரிப்பில் பாதி, கழுவாததால் வந்ததில்லை, துவட்டாததால் வந்தது. கழுவினபின் ஒற்றி எடுங்கள், ஒரு நிமிஷம் அப்படியே விடுங்கள், பிறகு பருத்தி ஜட்டி.

அடுத்த தப்பு சோப்பு. ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும், வறண்டு வெடிக்கும். சோப்பு கைக்கு, அதை மட்டும் விடாதீர்கள். கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவுகிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, எரிச்சல் வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் செய்துகொள்வார்கள். அது தோல் வேகிற எரிச்சல்.

மூன்றாவது, ஹோஸ். சில வீட்டில் திறந்தால் கார் கழுவலாம், அவ்வளவு வேகம். சுவரில் இருக்கிற குட்டி வால்வைப் பாதியாகத் திருப்பி வையுங்கள். தண்ணீர் மெதுவாக ஓடினால் போதும், மீதி வேலை விரல் செய்யும். பெண்கள் முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும், எதிர்ப்பக்கம் கழுவினால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஹோஸ் தலை தரையில் கிடக்கக்கூடாது. கொக்கியில் தொங்கட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ராத்திரியில் மட்டும் அரிக்கிறது, வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது என்றால், கீரைப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். அது ராத்திரியில்தான் வெளியே வந்து முட்டை இடும். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பலனில்லை, குடும்பத்தில் எல்லாரும் ஒரே நாளில் எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். குழந்தை நகத்தை வெட்டுங்கள், படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவையுங்கள்.

அம்மா படுத்த படுக்கை. எழுப்பிக் கழுவ முடியாது. வெட் டிஷ்யூ இல்லாம நான் என்ன செய்வேன்னு மனைவி கேக்குறா.

அவர் கேட்பது நியாயம். இந்த ஒரு இடத்தில் நான் வெட் டிஷ்யூவை எதிர்க்கமாட்டேன், வாசனை இல்லாததாக வாங்கிக் கொடுங்கள், படுக்கைக்குப் பக்கத்தில் மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்று வையுங்கள். ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்தது. பழைய பருத்திக் கைலியை ஒரு சாண் சதுரமாக வெட்டி இருபது முப்பது துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காய்ந்த துணியால் மொத்தையை எடுத்துவிடுங்கள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் முன்னாலிருந்து பின்னால் ஒரே இழுப்பு, மடித்து இன்னொரு இழுப்பு, முடிந்ததும் காய்ந்த துணியால் ஒற்றல். அப்புறம் வாஸ்லின் அல்லது துத்தநாகக் களிம்பு ஒரு மெல்லிய பூச்சு, அடுத்த முறை மூத்திரமோ மலமோ தோலில் நேராகப் படாது. அந்தப் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை, அழுக்கை மட்டும் எடுத்தால் போதும்.

இடுப்பெலும்பு மேலே சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தால், அது டிஷ்யூ அரிப்பில்லை. படுக்கைப் புண்ணின் ஆரம்பம், அன்றைக்கே நர்ஸிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தைக்கு?

வீட்டில் பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும். வெளியே போகும்போது வாசனையில்லாத டிஷ்யூ. குழந்தையின் அடிப்பக்கம் மட்டுமில்லை, துடைத்துவிடுகிற அம்மாவின் விரல்களிலும் அதே ஒவ்வாமை வருவதை நான் பார்த்திருக்கிறேன். கை விரல் நுனி வெடித்திருந்தால் பாத்திரம் கழுவுகிற சோப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்? கூச்சமா இருக்கு.

ரத்தம் வந்தால், கட்டி தட்டுப்பட்டால், புண் வந்து நீர் வடிந்தால், மலம் போகிற வழக்கமே மாறியிருந்தால் காத்திருக்க வேண்டாம். இனிப்புநீர் இருந்தாலும் சீக்கிரம் போங்கள். மற்றபடி, மேலே சொன்ன மாதிரி மூன்று வாரம் செய்தும் அடங்காவிட்டால். கூச்சத்துக்கு ஒன்று சொல்கிறேன், கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறவர் அன்று காலையிலேயே அதே இடத்தில் மூன்று பேரைப் பார்த்திருப்பார். போகும்போது தடவுகிற டியூப்பையும் துடைக்கிற பாக்கெட்டையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், வாயால் சொல்வதைவிட அது வேகம்.

பேரப்பிள்ளைங்க கேஎல்ல இருந்து வந்தா வெட் டிஷ்யூ இல்லாம கக்கூஸுக்கே போகமாட்டேங்குதுங்க. அதுங்கள என்ன செய்ய?

சண்டை போட வேண்டாம். மிதித்தால் திறக்கிற மூடி போட்ட சின்னக் குப்பைத் தொட்டியைக் கக்கூஸுக்குள் வைத்து, உள்ளே பிளாஸ்டிக் பை மாட்டிவிடுங்கள், தினமும் கட்டி வெளியே போட்டால் நாற்றமும் இல்லை. எங்கள் பெரியவர் வீட்டில் மகன் அந்தத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு போத்தலை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே தண்ணீரில் ஒரு வெட் டிஷ்யூ, நான்கு மாதமாக அப்படியே. மூத்த பேத்தி ஒவ்வொரு தடவை வரும்போதும் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, தாத்தா இன்னும் கரையல என்று உள்ளேயிருந்து கத்துகிறாளாம்.